ஒன்றன்பின் ஒன்றாகப் புகும் குரல்கள்

ஐரோப்பிய இசையில் ‘ஃபியூக்’ என்றொரு வகை உண்டு. தப்பியோடுதல் எனப் பொருள்படும் ‘ஃபூகா’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். ஒரு குரல் முன்னே ஓட, மற்றொன்று அதனைத் துரத்திச் செல்வதுபோல் அமைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. இவ்வகையைப் பற்றி இருவகைக் குறை கூறப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். பலர் ஒரே நேரத்தில் பேசும் சந்தை இரைச்சலே அது என்பார் ஒரு சாரார். செவிக்காகவன்றி ஏட்டுக்காகச் செய்யப்பட்ட வெறுங் கணக்கே அது என்பார் மற்றொரு சாரார்.

இவ்விரு தீர்ப்புகளும் ஃபியூக்கின் நடுப்பகுதியில் செவியைக் கொடுத்தோர் கூறுவன என்பது நம் கருத்து. நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் உள்ளே நுழைந்தவனுக்கு மேடையில் நிற்போர் யார், எவர் என்பது விளங்காது. அது நாடகத்தின் குற்றமன்று. ஃபியூக்கில் பேசப்போகும் குரல்கள் யாவை, அவை என்ன பேசும் என்பதை அதன் தொடக்கப் பகுதி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிடுகிறது. மேனாட்டார் இதனை ‘எக்ஸ்பொசிஷன்’ என்பர். நாம் ‘அறிமுகப் பகுதி’ எனக் கொள்வோம். இதனை ஒழுங்காகக் கேட்டவனுக்கு இரைச்சல் என்ற எண்ணம் எழாது. ஏட்டுக் கணக்கு என்ற எண்ணமும் நில்லாது. ஏனெனில் இப்பகுதியிலுள்ள விதி ஒவ்வொன்றும் கேட்பவனின் செவியை முன்னிட்டே எழுந்தது. இதனை ஒரே ஒரு ஃபியூக்கை எடுத்துக்கொண்டு காட்டுவோம்.

ஜெர்மானிய இசைப் புலவர் யோகான் செபாஸ்தியன் பாக் 1685-இல் பிறந்து 1750-இல் மறைந்தவர். அவர் 1722-இல் தொகுத்த ‘சுருதி செம்மை செய்த கிளாவியர்’ என்னும் நூலின் முதற் பாகத்தில் 24 முன்னிசைகளும் 24 ஃபியூக்குகளும் உள்ளன. கிளாவியர் என்பது விசைப்பலகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுப் பெயர். அந்நூலின் இரண்டாவது ஃபியூக், சி மைனர் என்னும் சுருதியமைப்பில் இயற்றப்பட்டது. மூன்று குரல்களையுடையது. நான்கெண்ணிக்கை கொண்ட தாளக் கட்டுகள் 31-இல் முடிந்துவிடுவது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் கேட்டு முடிக்கத்தக்கது. இங்கே குரல் என்றது மனிதர் பாடுவதை அன்று. ஒருவரே பத்து விரல்களால் வாசிக்கும்போது மேல், நடு, கீழ் என மூன்று இசை வரிகள் தனித்தனியே செல்கின்றன. அவற்றையே குரல் என்கிறோம். நமக்குப் பழகிய ச ரி க ம எழுத்துகளையே இங்கும் கையாள்வோம். சி என்னும் சுரத்தை ச என்றும், அதற்கு ஐந்தாவதான ஜி-யை ப என்றும் கொள்க.

கரு

முதலிரண்டு கட்டுகளில் நடுக்குரல் மட்டுமே பேசுகிறது. வேறெந்த ஒலியும் இல்லை. சுருதிக் கூட்டும் இல்லை, பக்கத் துணையும் இல்லை. இத்தனிமொழியே ஃபியூக்கின் ‘கரு’. இருபது சுரங்களே கொண்ட இச்சிறு தொடர்தான் பின்னர் வரும் அனைத்துக்கும் வித்து. அரை எண்ணிக்கை மௌனம் காத்து, ‘ச நி ச’ எனச் சட்டென்று ஒரு துணுக்கைத் தட்டிக் கீழ் ‘ப’வுக்கு இறங்குகிறது. அத்துணுக்கு மும்முறை வருகிறது. முதன்முறை கீழே இறங்கியது, அடுத்த இருமுறையும் மேல் ‘ரி’க்கு ஏறுகிறது. மூன்றே சுரங்களாலான ஒரு துணுக்கை இரண்டு கட்டுக்குள் மும்முறை சொன்னால் எவருக்குத்தான் மறக்கும்? கருவுக்கு முதல் இலக்கணம் இதுவே. பின்னர்க் கூட்டத்தில் கண்டாலும் இன்னாரென்று அறியத்தக்க முகம் அதற்கு இருத்தல் வேண்டும்.

இக்கருவில் மற்றொரு நுட்பமும் மறைந்து கிடக்கிறது. ‘ச நி ச’ என்னும் துணுக்கை ஒதுக்கிவிட்டு, அதற்கிடையே தாழ்ந்து ஒலிக்கும் சுரங்களை மட்டும் தொடர்ந்து கேட்டால், ‘த ப ம க’ என்று படிப்படியாக இறங்கும் ஒரு வரி புலப்படும். ஈற்றில் நிற்பது அக் காந்தாரமே. ஆகவே ஒரே குரல் பேசும்போதே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஓட்டங்களைச் செவி பிரித்தறியத் தொடங்கிவிடுகிறது. இரண்டாங் குரல் வருமுன்னரே அதற்கான பயிற்சியை ஆசிரியர் தந்துவிட்டார்.

மறுமொழி

மூன்றாம் கட்டில் மேற்குரல் புகுகிறது. அது கருவையே பேசுகிறது, ஆயினும் அதே நிலையில் அன்று. ஐந்து சுரம் மேலேறி ‘ப’வில் தொடங்குகிறது. இதனை ‘மறுமொழி’ என்பது வழக்கு. இப்பெயர் பொருத்தமுடையது. கிளிப்பிள்ளை சொன்னதைச் சொல்லும். விடை கூறுவோனோ வினாவின் சொற்களையே எடுத்துத் தன் நிலையில் நின்று திருப்பிக் கூறுவான். பாக் செய்வது இரண்டாவது வகை.

எவ்வாறு எனில், கருவின் முதல் நான்கு சுரங்கள் ‘ச நி ச ப’. இதனை அப்படியே ஐந்து சுரம் உயர்த்தினால் ‘ப ம ப ரி’ என்று வர வேண்டும். பாக் எழுதியதோ ‘ப ம ப ச’. நான்காம் சுரம் ஒன்றே மாறியிருக்கிறது. ‘ரி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ச’ நிற்கிறது. அதற்குப்பின் வருவன யாவும் கருவின் துல்லியமான உயர்த்தலே. இம் மாற்றம் ஏன்?

கரு ‘ச’வில் தொடங்கி ‘ப’வைத் தொட்டது. மறுமொழி ‘ப’வில் தொடங்கி ‘ச’வைத் தொடுகிறது. ஒருவன் தன் வீட்டினின்று எதிர்வீட்டுக்கு வழி சொன்னான். எதிர்வீட்டான் தன் வீட்டினின்று முதல் வீட்டுக்கு வழி சொல்கிறான். வீடுகள் இரண்டே. ‘ரி’ என்று எழுதியிருந்தால் மூன்றாவதொரு வீட்டுக்கு வழி திறந்திருக்கும். கேட்பவனின் செவி ‘ச’ என்னும் ஆதாரத்தை அப்போதே கைவிட்டு, ‘ப’வையே புதிய ஆதாரமாகக் கொண்டு வெளியேறியிருக்கும். மறுமொழி பின்னர் அப்புதிய ஆதாரத்துக்குச் செல்லத்தான் போகிறது. ஆனால் வாயிலைக் கடக்கும்போது பழைய வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே செல்கிறது. கருவின் தொடக்கத்தில் ‘ப’ முக்கியமாக ஒலித்தால் மறுமொழியில் அதற்கு ஈடாக ‘ச’ வருதல் வேண்டும் என்ற பழைய விதியின் உட்பொருள் இதுவே. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் இதைக் கணக்கு என்பான். செவியால் உணர்ந்தவன் இதை நாகரிகம் என்பான்.

இது எங்கும் வற்புறுத்தப்படும் சட்டமும் அன்று. அதே நூலின் முதல் ஃபியூக், சி மேஜரில் அமைந்தது. அதன் கரு ‘ச ரி க ம’ எனப் படிப்படியாக ஏறுவது. தொடக்கத்தில் ‘ப’வுக்குத் தாவுவதில்லை. அங்கே மறுமொழியில் ஒரு சுரமும் மாற்றப்படவில்லை. அங்குக் குரல்கள் நான்கு. அவை கரு, மறுமொழி, கரு, மறுமொழி என்ற வழக்கமான வரிசையில் வாராமல், கரு, மறுமொழி, மறுமொழி, கரு என்று வருகின்றன. தேவையில்லாத இடத்தில் விதியை விட்டுவிடும் உரிமை ஆசிரியனுக்கு உண்டென்பதை இதனால் அறிக.

எதிர்க்கரு

நிற்க. மேற்குரல் மறுமொழி கூறும்போது, முதலில் பேசிய நடுக்குரல் என்ன செய்கிறது? ஃபியூக்கின் உயிர்நிலை இவ்வினாவிலேதான் இருக்கிறது. முதலில் பேசியவன் தன் பேச்சு முடிந்ததென்று வாய்மூடி அமர்ந்துவிட்டால் அது வெறும் வினாவிடை. இரண்டாமவனோடு சேர்ந்து அவன் சொன்னதையே சொன்னால் அது கூட்டுப்பாட்டு. ஃபியூக்கில் நிகழ்வது இவ்விரண்டும் அன்று. முதற் குரல் புதியதொன்றைப் பேசத் தொடங்குகிறது. அதற்கு ‘எதிர்க்கரு’ என்று பெயர்.

எதிர் என்றவுடன் பகை என்று கொள்ளற்க. எதிரெதிரே அமர்ந்து உண்பவர் பகைவர் அல்லர். கருவும் எதிர்க்கருவும் ஒன்றற்கொன்று இடம்விட்டு ஒழுகும் இருவர். நம் ஃபியூக்கில் கரு துண்டு துண்டாகத் தட்டித் தாவும் இயல்புடையது. எதிர்க்கருவோ மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் விரைந்திறங்கும் சுர வரிசையில் தொடங்குகிறது. மேற்குரல் வாய் திறக்குமுன் அரை எண்ணிக்கை மௌனம் உள்ளது அல்லவா? அம்மௌனத்திலேயே நடுக்குரலின் இறக்கம் தொடங்கிவிடுகிறது. கருவின் கடைசிச் சுரமும் எதிர்க்கருவின் முதலடியும் இடைவெளியின்றிப் பிணைந்திருத்தலால், ஓட்டம் எங்கும் அறுவதில்லை. அவ்விறக்கம் முடிந்தபின் எதிர்க்கரு நடையைத் தளர்த்தி நிதானமாகச் செல்கிறது. அப்போது மறுமொழியின் துணுக்கு தன் விரைவைக் காட்டுகிறது. ஒருவன் நிதானிக்கும்போது மற்றவன் விரைகின்றான். ஆதலால் இருவர் ஒரே நேரத்தில் பேசியும் இருவர் பேச்சும் கேட்கிறது. சந்தை இரைச்சலில் இவ்வொழுங்கு உண்டா?

இனி எதிர்க்கருவை இயற்றுவோனுக்குள்ள இடர்ப்பாட்டைப் பார்ப்போம். இப்போது அது மறுமொழிக்குக் கீழே ஒலிக்கிறது. சற்று நேரத்தில் கீழ்க்குரல் கருவைப் பேசும்போது, அதே எதிர்க்கரு கருவுக்கு மேலே ஒலிக்க வேண்டும். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாறினாலும் இசைவு கெடலாகாது. ‘ச’வுக்கு மேல் ‘ப’ நின்றால் அவ்விடைவெளி ஐந்து. செவிக்கு உறுதியான நிலை. அதனைத் தலைகீழாக்கி ‘ப’வுக்கு மேல் ‘ச’வை வைத்தால் இடைவெளி நான்கு. அந்நாளைய இசை மரபில், அடிக்குரலுக்கு மேல் தனித்து நிற்கும் இந்நான்கு உறுதியற்றது. வேறொன்றில் சென்று தணிய வேண்டியது. ஆகவே எதிர்க்கருவை எழுதுவோன், இங்கு இனிக்கும் ஐந்து அங்குக் கசக்கும் நான்காகும் என்பதை முன்னரே எண்ணி, அவ்விடங்களில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இன்று நன்றாக ஒலிப்பது மட்டும் போதாது. இடம் மாறிய பின்னும் நன்றாக ஒலிக்க வேண்டும். இங்கே கணக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டடத்தில் கணக்கில்லையா? குடியிருப்பவன் அக்கணக்கை அறியாமலே நிழலை அனுபவிக்கிறான்.

இடைப்பாலம்

மறுமொழி நான்காம் கட்டில் முடிகிறது. உடனே மூன்றாங் குரல் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஏனெனில் இரண்டிரண்டு கட்டாகக் குரல்கள் புகும் பழக்கம் செவிக்கு ஏற்பட்டுவிட்டது. ஆனால் ஐந்தாம் கட்டிலும் ஆறாம் கட்டிலும் மூன்றாங் குரல் வரவில்லை. மறுமொழியின் முடிவில் நாம் ‘ப’வை ஆதாரமாகக் கொண்ட இடத்தில் நிற்கிறோம். கீழ்க்குரலோ ‘ச’வில் கருவைத் தொடங்க வேண்டும். அங்கிருந்து இங்கு வரப் பாலம் ஒன்று தேவை. இவ்விரண்டு கட்டுகளே அப்பாலம்.

அதனைப் புதுச் சரக்கால் பாக் கட்டவில்லை. கருவின் தலைத்துணுக்கையே மேற்குரலில் எடுத்து, ஒவ்வொரு படியாக உயர்த்திச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் ‘இதோ கரு வந்துவிட்டது’ என்று செவி நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் துணுக்கோடு நின்றுவிடுகிறது. மேலே மேலே ஏறும் அப்பொய்த் தொடக்கங்களை நாம் நோக்கிக்கொண்டிருக்கையில், ஏழாம் கட்டில் மெய்யான கரு எதிர்பாராத திசையிலிருந்து, அடியாழத்திலிருந்து, புறப்படுகிறது. வழி மாற்றுவதற்காக வைத்த பாலமே வரவேற்புக்கு ஏற்ற ஆயத்தமுமாயிற்று.

மூன்றாங் குரல்

ஏழு, எட்டாம் கட்டுகளில் கீழ்க்குரல் கருவைப் பேசுகிறது. மேற்குரல் எதிர்க்கருவை ஏற்கிறது. நடுக்குரல் இரண்டாவது எதிர்க்கருவாகிய மற்றொரு சிறு தொடரைத் தொடங்குகிறது. ஆகவே முறை இதுதான்: புதிதாக வருவோன் கருவைச் சொல்கிறான்; அவனுக்கு முன் வந்தவன் எதிர்க்கருவுக்குச் செல்கிறான்; முதலில் வந்தவன் மூன்றாவது பொருளுக்குச் செல்கிறான். எவரும் அவையை விட்டு வெளியேறுவதில்லை. ஒவ்வொருவரும் ஓரிடம் நகர்ந்து புதியவனுக்கு இடந்தருகின்றனர். ஒன்பதாம் கட்டின் தொடக்கத்தில் அறிமுகப் பகுதி முற்றுப்பெறுகிறது. 31 கட்டுகளில் எட்டு, அதாவது கால் பங்கு, அறிமுகத்துக்கே செலவாகிறது.

குரல்கள் நடு, மேல், கீழ் என்ற வரிசையில் ஏன் வந்தன என்பதும் எண்ணத்தக்கது. மேலே ஒருவர், கீழே ஒருவர் பேசிக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் கடைசியாக நுழைந்தால், அவர் வந்ததைச் செவி எளிதில் உணராது. ஓரத்தில் ஒலிப்பது எளிதில் கேட்கும். நடுவில் ஒலிப்பது மறையும். ஆதலின் மறையக்கூடிய குரலைத் தனியாக முதலில் பேசவிட்டு, மேல் ஓரத்தையும், பின் வெறிதாயிருந்த கீழ் ஓரத்தையும் நிரப்புகிறார். எல்லா ஃபியூக்குகளும் இவ்வரிசையிலேயே அமைவன அல்ல. ஆயினும் இங்கே இவ்வரிசை தரும் தெளிவை எவரும் கேட்டறியலாம்.

வாசிப்போர் செய்யும் பிழை

இவ்வளவையும் மனத்திற்கொண்டு வாசிப்பவரின் திறத்தை மதிப்பிடுவோம். பியானோவில் இதனை வாசிப்போர் சிலர், கரு வருமிடந்தோறும் அதனை ஓங்கி அடித்து, ஏனையவற்றை அடக்கிவிடுகின்றனர். கருவே தலைவன், மற்றவை ஏவலாளர் என்பது அவர் எண்ணம் போலும். இது பெரும் பிழை. கருவை நாம் முன்னரே அறிவோம்; அதை ஓங்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அறியாதது, அதனோடு வரும் புதுச்சொல். மூன்றாம் கட்டில் நடுக்குரலின் இறக்கம் கேட்கவில்லையானால், அங்கு எஞ்சுவது உயர்த்திச் சொல்லப்பட்ட கருவொன்றே; ஃபியூக் இன்னும் பிறக்கவில்லை.

நம் கருத்துக்குக் கருவிகளே சான்று. பாக் காலத்து ஹார்ப்சிகார்டில் விசையை மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது, ஆர்கனிலும் அவ்வாறே. ஒரு குரலை மட்டும் ஓங்கச் செய்யும் வசதி அக்கருவிகளில் விரலுக்கு இல்லை. எனினும் அவற்றில் ஃபியூக் தெளிவாகவே கேட்டது. எதனால்? ஒவ்வொன்றாக நுழையும் முறையால். ஒன்று விரைய ஒன்று நிதானிக்கும் அமைப்பால். ஒரு சுரத்தை நீட்டியும் ஒன்றை வெட்டியும் வாசிக்கும் விரல் நயத்தால். கூச்சலிட இயலாத கருவிகளிலும் விளங்கும்படி எழுதப்பட்டதைக் கூச்சலிட்டு விளக்கப் புகுதல் வீண்.

வாசிப்பு நன்றா தீதா என்று அறிய வாசகர்க்கு ஓர் எளிய சோதனை கூறுவோம். ஒலிப்பதிவு ஒன்றில் முதல் எட்டுக் கட்டுகளை மட்டும் மும்முறை கேட்க. முதன்முறை கரு எங்கெங்கு வருகிறதென்று மட்டும் பார்க்க. நடுவிலும், மேலும், இறுதியில் கீழும் வரும். இரண்டாம் முறை கருவை விட்டுவிட்டு, முதலில் பேசிய நடுக்குரலையே பின்தொடர்க. அது கருவை முடித்து, இறங்கி, நிதானித்து, பாலத்தில் துணைநின்று, மூன்றாம் பொருளுக்குச் செல்வதைக் காண்க. மூன்றாம் முறை, ஏழாம் கட்டில் கீழ்க்குரல் முழங்கத் தொடங்கும் அதே கணத்தில், மேற்குரலில் அவ்விறக்கம் கேட்கிறதா என்று பார்க்க. கேட்டால் வாசித்தவர் ஃபியூக்கை உணர்ந்தவர். அவ்விறக்கம் முழக்கத்தில் மூழ்கிப்போனால், அவர் கருவை மட்டுமே உணர்ந்தவர்.

இதற்குப்பின் நிகழ்வனவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்பதாம் கட்டில் கருவின் தலைத்துணுக்கை மேலிரு குரல்களும் மாற்றி மாற்றி எறிய, எதிர்க்கருவின் இறக்கம் கீழ்க்குரலுக்குப் போகிறது. 11-ஆம் கட்டில் கரு மேஜர் அமைப்பில் ஒளிபெற்றுத் தோன்றுகிறது. 20-ஆம் கட்டில் பழைய சுருதிக்கு மீள்கிறது. 29-ஆம் கட்டில், அடியில் நீண்டு நிற்கும் ‘ச’வின்மேல் கடைசி முறையாக ஒலித்து, ஈற்றில் சிறிய காந்தாரத்துக்குப் பதிலாகப் பெரிய காந்தாரத்தில் வந்து அமர்கிறது. இவற்றில் எதுவும் புதிய சரக்கு அன்று; யாவும் முதல் எட்டுக் கட்டுகளில் நமக்குக் காட்டப்பட்டவையே. அறிமுகத்தைக் கேட்டவனுக்கு எஞ்சிய 23 கட்டுகளும் அறிந்தவர் நடத்தும் உரையாடல். கேளாதவனுக்கே அவை இரைச்சலும் கணக்கும் ஆகின்றன.